முத்துக்குமாரு கொடுக்காத படிவம்

பாங்கு முகாமையாளர் கீர்த்திகன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தபோதே முத்துக்குமாருவுக்கு விளங்கிவிட்டது, இவன் தரப்போவதில்லை என்று. கழுத்துப்பட்டி கட்டினவன் கண்ணாடியைக் கழற்றினால் இல்லை என்று சொல்லத்தான் கழற்றுவான்.

"ஐயா, திரும்பவும் சொல்லுறன். ஜெயதீபன் அண்ணையின்ரை நிலையான வைப்புக்கு நாமினி கேதீஸ்வரி. உங்கடை மகள். அண்ணை இல்லாத இடத்திலை அந்தக் காசை நாங்கள் அவவிட்டைத்தான் குடுக்க வேணும்."

ஜெயதீபன் முத்துக்குமாருவின் ஒரே மகன். கப்பலில் இயந்திர அறையில் வேலை. நாலு மாதத்துக்கு முன்னம் டேர்பன் துறைமுகத்தில் கப்பல் நிற்கும்போது நெஞ்சைப் பொத்திக்கொண்டு விழுந்தவன் எழும்பவில்லை. முப்பத்தாறு வயது. பெட்டியில்தான் வல்வெட்டித்துறைக்கு வந்தான். அவனுடைய மனைவி கோபிகா இப்போது மாமனாருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். மடியில் ஒரு பச்சைக் கோவை. அதற்குள் மரணச் சான்றிதழ், கல்யாணப் பதிவு, வைப்புச் சான்றிதழ், மரணசாசனம் எல்லாம் ஒழுங்காக இருந்தன.

காலையில் வந்த அலுவல் பாதி சுகமாக முடிந்திருந்தது. புருசனும் மனைவியுமாகச் சேர்ந்து வைத்திருந்த கணக்கு ஒன்று இருந்தது. இருவரில் ஒருவர் போனால் மிஞ்சியிருப்பவருக்கு என்று அதில் எழுதிக் கையெழுத்து வைத்திருந்தபடியால், கவுண்டரில் இருந்த ஆரணி என்ற பிள்ளை மரணச் சான்றிதழைப் பார்த்து அரை மணித்தியாலத்தில் அதைக் கோபிகாவின் பெயருக்கு ஆக்கிக் கொடுத்துவிட்டாள். ஆனால் அது வீட்டுச் செலவுக் கணக்கு. அதில் எண்பதினாயிரம் இருந்தது. முப்பத்திரண்டு லட்சம் இருந்தது மற்றதில்.

"இல்லை சேர்," என்றாள் கோபிகா. "அது பழைய நாமினி. இவர் அதை மாத்தினவர். ரெண்டு வருசத்துக்கு முந்திக் கப்பலுக்குப் போகேக்கை என்ரை பேரைப் போட்டுப் படிவம் நிரப்பி, ஒப்பமும் வைச்சவர். அண்டைக்குச் சனிக்கிழமை, பாங்கு பூட்டு. மாமாவிட்டைக் குடுத்திட்டுப் போனவர். மாமா திங்கக்கிழமை கொண்டுவந்து தந்தவர்."

"எங்களிட்டை அப்பிடி ஒண்டும் வரேல்லையே அக்கா."

கோபிகா மாமனாரைப் பார்த்தாள். முத்துக்குமாரு அவளைப் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த கடுதாசி ஒன்றை எடுத்து, விரித்து, முகாமையாளருக்கு முன்னால் போட்டார்.

"இந்தா. இப்ப தாறன். திகதியைப் பாரும். அவன்ரை கையெழுத்தைப் பாரும். உங்கடை பாங்கின்ரை கடுதாசிதானே?"

கீர்த்திகன் திரும்பக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தான். வாசிக்க அதில் அவ்வளவு ஒன்றும் இல்லை. ஆனாலும் நேரம் எடுத்தான்.

"ஐயா, இது அவர் உயிரோடை இருக்கேக்கை எங்கடை கைக்கு வந்திருக்க வேணும். நாமினியை மாத்திறதெண்டால் எழுத்திலை எங்களுக்கு அறிவிக்க வேணும். எழுதி வீட்டிலை வைச்சிருந்தால் அது அறிவிச்சதாகாது."

"மரணசாசனம் இருக்கு சேர்," என்றாள் கோபிகா. "நொத்தாரிசு எழுதி, ரெண்டு சாட்சி வைச்சது. தன்ரை எல்லாம் எனக்கும் பிள்ளைக்கும் எண்டு தெளிவாய் எழுதியிருக்கு."

"அது வேறை சொத்துக்கு உதவும் அக்கா. கோட்டிலை போட்டு உறுதிப்படுத்தி எடுங்கோ. ஆனால் நாமினி போட்ட காசுக்கு மரணசாசனம் செல்லாது. சட்டம் அப்பிடி. நாமினி முந்திச் செத்திருந்தால், இல்லாட்டி எழுத்திலை ரத்துச் செய்திருந்தால், இல்லாட்டி புது நாமினி போட்டிருந்தால் மட்டுந்தான் பழையது விழும். மரணசாசனத்தாலை அது விழாது."

"அப்ப செத்தவன்ரை கையெழுத்துக்கு மதிப்பில்லையோ?" முத்துக்குமாரு மேசையில் தட்டினார். வெளியே வரிசையில் நின்ற சனம் திரும்பிப் பார்த்தது. "பதினொரு வருசத்துக்கு முந்தி வைச்ச கையெழுத்துக்கு மதிப்பு. ரெண்டு வருசத்துக்கு முந்தி வைச்சதுக்கு இல்லை. ரெண்டும் அவன்ரை கைதானே. உங்களுக்குக் காசு குடுக்க மனமில்லை. அதைச் சொல்லும்."

"குடுக்க மாட்டம் எண்டு சொல்லேல்லை ஐயா. உங்கடை மகளுக்குக் குடுப்பம். அவவுக்குக் குடுத்தால் பாங்கின்ரை பொறுப்பு முடிஞ்சுது. பிறகு ஆரும் ஆரோடையும் வழக்காடுறதெண்டால் அது உங்கடை குடும்ப விஷயம்." கீர்த்திகன் படிவத்தைத் திருப்பி மடித்துத் தள்ளினான். "பழைய கையெழுத்து எங்களிட்டை இருந்தது ஐயா. இது உங்கடை பொக்கற்றிலை இருந்தது."

முத்துக்குமாருவின் காது சுட்டது. அவனுக்கு ஒரு அறை போட வேண்டும் போலிருந்தது. சொன்னது சரியாக இருந்தபடியால்தான் அப்படி இருந்தது.

பாங்குக்கு வெளியே, வெயிலில், கோபிகா நின்றாள். பச்சைக் கோவையை நெஞ்சோடு பிடித்திருந்தாள்.

"ரெண்டு வருசம். வட்ஸ்அப்பிலை இவர் கேட்டவர், அப்பா குடுத்தியளோ எண்டு. நானும் பக்கத்திலை இருந்தனான். குடுத்திட்டன் தம்பி எண்டு சொன்னியள்."

"சொன்னனான்."

"ஏன் மாமா?"

அவர் பஸ் வரும் பக்கம் பார்த்தார்.

"நான் உங்கடை மகன்ரை காசை விழுங்கிப்போடுவன் எண்டு நினைச்சியள். அப்பிடித்தானே. தொண்டைமானாற்றிலை சுவர் எழும்பி மூண்டு வருசம். கூரை போடுறதுக்கெண்டுதான் அந்தக் காசு. தகரக் கொட்டிலுக்குள்ளை பிள்ளை மழைக்கு நனையுது. நீங்கள் அதைப் பெட்டிக்குள்ளை பூட்டி வைச்சிருந்தியள்."

"பஸ் வருது," என்றார் முத்துக்குமாரு.

"நான் உங்களோடை வரேல்லை."

அவள் தனியாக ஏறிப் போனாள். முத்துக்குமாரு அடுத்த பஸ் வரும்வரைக்கும் நின்றார். அவளில் கோபம், முகாமையாளனில் கோபம், செத்துப்போன மகனிலும் கோபம். படித்தவன்தானே. ஒரு நாள் முந்தி, வெள்ளிக்கிழமையே தானாகக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் என்ன?

அவர் கொடுக்காமல் விட்டதற்குக் கோபிகா நினைத்த காரணம் பாதிதான் சரி. மருமகளை அவர் நம்பவில்லை, அது உண்மை. அவர் யாரைத்தான் நம்பினார். ஆனால் மற்றப் பாதியை அவர் ஒருவருக்கும் சொன்னதில்லை.

ஒன்பது வருடத்துக்கு முன்னம் கேதீஸ்வரிக்கு நெல்லியடியில் கல்யாணம் பேசினார்கள். மாப்பிள்ளை பிரகாஸுக்கு இரும்புக்கடை. வீட்டைச் சீதனமாக எழுதுவது சரி, காசு எங்கே என்று கேட்டார்கள். காசு இல்லை. இருந்தது மகனுடைய வைப்புச் சான்றிதழ் மட்டும். கல்யாணம் ஆகாத பொடியன், முதற் சம்பளத்தை வைப்பில் போடும்போது நாமினிக்குத் தமக்கையின் பெயரைக் கொடுத்திருந்தான். ஊரில் எல்லாப் பொடியன்களும் செய்கிறதுதான். முத்துக்குமாரு அந்தச் சான்றிதழையும் நாமினித் துண்டையும் கொண்டுபோய் மாப்பிள்ளை வீட்டு மேசையில் வைத்து, "மகளின்ரை பேர் போட்டுத்தான் இருக்கு, பாருங்கோ. இது அவளுக்குரிய காசு. காலம் வரேக்கை வரும்," என்றார். நாமினி என்றால் உரிமைக்காரி என்றுதான் அவரும் நினைத்திருந்தார். பொய்யென்று முழுதாகவும் சொல்ல முடியாது. உண்மையென்றும் சொல்ல முடியாது. கல்யாணம் நடந்தது. ஜெயதீபனுக்கு இது தெரியாது. அவன் லீவில் வரும்போதெல்லாம் அதிலேயே காசைச் சேர்த்துக்கொண்டிருந்தான். பாங்கும் வருடா வருடம் அதைப் புதுப்பித்துக்கொண்டிருந்தது, அதே நாமினியோடு.

பெயரை மாற்றினால் பிரகாஸ் ஒரு நாள் கேட்பான். கேட்டால் முத்துக்குமாரு முகம் காட்ட முடியாது. அதனால் படிவம் பெட்டிக்குள் போனது.

அவர் வீட்டுக்கு வந்தபோது பிரகாஸ் முற்றத்தில் மோட்டார்சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். வீடு கேதீஸ்வரிக்குச் சீதனமாக எழுதிய வீடு. கல்யாணத்தோடு அவர்கள் வந்து குடியிருக்க, முத்துக்குமாரு பின்னறைக்குப் போனவர்.

"பாங்கிலை என்ன மாமா சொன்னவை?"

"கேதீஸ்வரிக்குத்தான் எண்டு சொல்லினம்."

"அதைத்தானே நீங்கள் அண்டைக்கே சொன்னனீங்கள்." பிரகாஸ் துணியை உதறினான். சிரிக்கவில்லை, பெருமையும் படவில்லை. கடையில் வரவேண்டிய சாமான் வந்து சேர்ந்ததுபோல் சொன்னான். அதுதான் முத்துக்குமாருவை இன்னும் எரிச்சலாக்கியது.

"பிரகாஸ், நீர் அந்தக் காசைத் தொடக்கூடாது. அது அந்தப் பிள்ளையின்ரை."

"எந்தப் பிள்ளையின்ரை?"

"கோபிகாவின்ரை. அவன் நாமினியை மாத்தினவன். நான்தான் பாங்குக்குக் குடுக்கேல்லை."

உள்ளேயிருந்து கேதீஸ்வரி கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பிரகாஸ் துணியை மோட்டார்சைக்கிள் இருக்கையில் வைத்தான்.

"கொஞ்சம் பொறுங்கோ மாமா. ஒன்பது வருசத்துக்கு முந்தி எங்கடை வீட்டு மேசையிலை ஆர் அந்தச் சான்றிதழை வைச்சது? நான் கேட்டனானோ? நீங்களா வைச்சது. என்ரை அம்மா சாகும்மட்டும் அந்தக் காசு வரும் வரும் எண்டு சொல்லிக்கொண்டு இருந்தவ. நான் ஒரு நாளும் உங்களிட்டை வாய் திறந்து கேட்கேல்லை. இப்ப வந்து நிக்குது. இப்ப தொடாதை எண்டுறியள்."

"அது என்ரை காசில்லை. இல்லாததைக் காட்டினன். பொய் சொன்னன்."

"அப்ப என்னை ஏமாத்தித்தான் மகளைக் கட்டித் தந்தியள்."

"ஓம். ஏமாத்தித்தான்."

பக்கத்து வீட்டு வானொலியில் மரண அறிவித்தல் போய்க்கொண்டிருந்தது.

"அப்பா," என்றாள் கேதீஸ்வரி. "தம்பி மாத்தினவன் எண்டது எனக்கு ஏன் சொல்லேல்லை? அவன் செத்த வீட்டிலை கோபிகா என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு, அக்கா, கூரைக்குக் காசு இருக்கு, அதாலை சமாளிப்பன் எண்டு சொன்னவள். நான் தலையாட்டினனான். அந்தக் காசு என்ரை பேரிலை இருக்கெண்டு தெரிஞ்சுகொண்டுதான் தலையாட்டினனான் எண்டு அவள் இப்ப நினைப்பாள்."

"அவள் நினைக்கிறதை விடு," என்றான் பிரகாஸ். "சட்டம் உனக்குத் தந்திருக்கு. நாங்கள் கனடா போற அலுவலுக்கு எவ்வளவு தேவை எண்டு உனக்குத் தெரியும். வீட்டையாவது விப்பம் எண்டால் அதுக்கும் வழியில்லை. உறுதிப் பத்திரத்திலை மாமாவின்ரை சீவிய உரித்து இருக்கு. அவர் இருக்கும்மட்டும் அவர் இருக்கலாம் எண்டு எழுதின வீட்டை எவன் வாங்குவான்? மூண்டு பேர் வந்து பாத்திட்டு, உறுதியை வாசிச்சிட்டுப் போயிட்டினம்."

முத்துக்குமாரு அவனைப் பார்த்தார். இவ்வளவு நாளும் இதை அவன் அவருக்கு முன்னால் சொன்னதில்லை. முகத்துக்கு நேரே சொன்னதில் ஒரு மரியாதை இருக்கிறதுபோலவும், அதே நேரம் ஓங்கி உதைக்க வேண்டும்போலவும் இருந்தது.

"அதுதான் உமக்கு வேணுமோ?"

"என்னது?"

"சீவிய உரித்து. அதை விட்டு எழுதித் தாறன். வீடு முழுதாய் உங்களுக்கு. விக்கலாம், இடிக்கலாம். அந்த முப்பத்திரண்டு லட்சமும் சதம் குறையாமல் கோபிகாவுக்குப் போக வேணும். வட்டியும் சேர்த்து."

பிரகாஸ் கணக்குப் பார்த்தான். கணக்குப் பார்க்கிற முகம் என்று ஒன்று உண்டு. கடைக்காரருக்கு அதை மறைக்கத் தெரியாது.

"வீட்டின்ரை பெறுமதி அதைவிடக் கூட," என்றான் கடைசியில்.

"தெரியும். உமக்கு நட்டமில்லை. ஏமாத்தினதுக்கு வட்டி எண்டு வைச்சுக்கொள்ளும்."

"அப்பா, நீங்கள் எங்கை இருப்பியள்?" என்றாள் கேதீஸ்வரி.

"அது உறுதியிலை எழுதத் தேவையில்லை."

பாங்கு அலுவலுக்கு மூன்று கிழமை எடுத்தது. கேதீஸ்வரி அடையாள அட்டையோடும் மரணச் சான்றிதழோடும் போய், கோரிக்கைப் படிவத்தில் கையெழுத்து வைத்தாள். வைப்புச் சான்றிதழை மட்டும் கோபிகா தன் கோவையிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அவள் கொடுத்தாள். மச்சாளிடம் ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

காசு கேதீஸ்வரியின் கணக்குக்கு வந்த அன்றைக்குப் பருத்தித்துறையில், கோட்டுக்கு எதிரில் உள்ள நொத்தாரிசு அடைக்கலநாதனின் கந்தோரில் எல்லோரும் கூடினார்கள். உறுதி தட்டச்சு அடித்துத் தயாராக இருந்தது. இரண்டு சாட்சிகள் வாசலில் நின்றார்கள். அங்கேதான் அடுத்த சண்டை வந்தது.

"முதல்லை உறுதியிலை ஒப்பம்," என்றான் பிரகாஸ். "பிறகு காசு அனுப்புறம்."

"முதல்லை காசு," என்றார் முத்துக்குமாரு.

"மாமா, நான் ஒருக்கா ஏமாந்தனான்."

"அதுதான் சொல்லுறன். ஏமாத்தத் தெரிஞ்சவன் ஏமாற மாட்டான். காசு வராமல் பேனையைத் தொடமாட்டன்."

"நொத்தாரிசு ஐயா, நீங்கள் சொல்லுங்கோ, எது முதல்?"

"நான் உறுதி முடிக்கிறவன்," என்றார் அடைக்கலநாதன். "உங்கடை குடும்பத்துக்கு நடுவரில்லை. இதிலை எழுதியிருக்கிறது, இவர் தன்ரை சீவிய உரித்தைக் கேதீஸ்வரிக்கு விட்டுக்குடுக்கிறார் எண்டு மட்டுந்தான். காசுக் கதை ஒண்டும் இதிலை இல்லை. அதை நீங்கள் பேசி முடியுங்கோ. எனக்கு ரெண்டு மணிக்கு வேறை ஆக்கள் வருகினம்."

பிரகாஸும் முத்துக்குமாருவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். மூலையில் கோபிகா, மடியில் அதே பச்சைக் கோவையோடு, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இந்த இடத்தில் கேட்கவும் ஒன்றும் இல்லை, கொடுக்கவும் ஒன்றும் இல்லை. அவளுடைய கூரையை வைத்து இரண்டு ஆம்பிளைகள் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கேதீஸ்வரி கைப்பையைத் திறந்து தொலைபேசியை எடுத்தாள். ஒருவரையும் பார்க்காமல், பெருவிரலால் கொஞ்சநேரம் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு, "கோபிகா, முதல் பத்து லட்சம் வந்திட்டுதோ பார். நாளுக்கு இவ்வளவுதான் எண்டு கட்டுப்பாடு வைச்சிருக்கிறாங்கள். மிச்சத்துக்கு இப்ப பாங்குக்குப் போவம். கடிதம் எழுதிக் குடுத்தால் இண்டைக்கே மாத்தி விடுவினம்."

"கேதீஸ், நான் என்ன சொன்னனான்?" என்றான் பிரகாஸ்.

"நீங்கள் சொன்னது கேட்டது. நாமினி நான். நீங்களுமில்லை, அப்பாவுமில்லை." எழும்பினாள். "வா கோபிகா."

இரண்டு பேரும் முச்சக்கரவண்டியில் போய், ஒன்றேகால் மணித்தியாலத்தில் திரும்பி வந்தார்கள். அதற்குள் பிரகாஸ் இரண்டு தரம் வெளியே போய்ச் சிகரெட் பற்றினான். முத்துக்குமாரு அசையவில்லை. கோபிகா பாங்கு முத்திரை குத்திய துண்டை மாமனாருக்கு முன்னால் நீட்டினாள். அவர் அதை வாங்கி, இலக்கங்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தார். முத்திரையைப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். கோபிகா கையை நீட்டியபடியே நின்று, அவர் பார்த்து முடிந்ததும் துண்டைப் பறித்துக் கோவைக்குள் வைத்தாள்.

நொத்தாரிசு உறுதியை வாசித்தார். "வல்வெட்டித்துறை, மேற்படி வீட்டில் வசிக்கும் முத்துக்குமாரு ஆகிய நான்..." என்று வந்த இடத்தில் நிறுத்தினார். "விலாசம் அந்த வீட்டைத்தான் போட்டிருக்கிறன். இனியும் அதுதானோ?"

"விக்கும்மட்டும் இருக்கட்டும்," என்றான் பிரகாஸ், யாரையும் பார்க்காமல். "நாங்கள் ஒண்டும் இண்டைக்கே வெளியிலை போகச் சொல்லேல்லை."

"வெட்டும்," என்றார் முத்துக்குமாரு.

"வெட்டிப்போட்டு என்னத்தை எழுத? விலாசம் இல்லாத ஆளை நான் எப்பிடி எழுதுறது?"

"கோயில் மடம் எண்டு எழுதும். கடற்கரை எண்டு எழுதும். உமக்கு ஒப்பந்தானே வேணும்."

அடைக்கலநாதன் பேனையைக் கீழே வைத்தார். கேதீஸ்வரி அழத் தொடங்கியிருந்தாள். பிரகாஸ் சுவரில் தொங்கிய நாட்காட்டியை வாசித்தான்.

"தொண்டைமானாறு எண்டு போடுங்கோ," என்றாள் கோபிகா. "என்ரை விலாசம். இந்தாங்கோ, அடையாள அட்டையிலை இருக்கு."

முத்துக்குமாரு தலையை நிமிர்த்தினார். அவள் அவரைப் பார்க்கவில்லை, நொத்தாரிசின் பேனையைத்தான் பார்த்தாள்.

"பிள்ளைக்கு அப்பப்பா வேணும். எனக்கில்லை," என்றாள். "மாமா, ஒண்டு மட்டும் இப்பவே சொல்லிப்போடுறன், சாட்சியளும் கேக்கட்டும். என்ரை வீட்டிலை ஒரு கடுதாசியும் உங்கடை கைக்கு வராது. தபால்காரன் வந்தாலும் நான்தான் வாங்குவன். கரண்ட் பில்லுக்கும் கை நீட்டப்படாது."

வாசலில் நின்ற சாட்சி ஒருவன் சிரிப்பை அடக்க இருமினான். முத்துக்குமாருவின் வாயில் ஒரு கெட்ட வார்த்தை வந்து நின்றது. யாருக்குச் சொல்வதென்று தேடினார். நொத்தாரிசு புதிய விலாசத்தை எழுதி முடித்து, உறுதியை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"எங்கை வைக்கிறது?" என்றார் முத்துக்குமாரு.

"இதிலை. பிறகு வெட்டி எழுதின இடத்திலையும் ஒண்டு."

அவர் பேனையை வாங்கினார்.